உளுந்துக்குள் ஒரு குடம்

கோரமண்டல் தங்கச் சுரங்கத்து வாசலில் இட்லி விற்க ஆசைப்பட்டவள் தாயம்மா. "நாளைக்குக் காலையில கொண்டா. பஞ்சாட்டம் இருந்தா என் ஆளுங்க அத்தினி பேரும் தினம் உன்கிட்டத்தான். கல்லாட்டம் இருந்தா இந்தப் பக்கமே வராதே" என்று மேஸ்திரி ராஜப்பா சொல்லிவிட்டார். அவருடைய ஆட்களோ, பசித்தால் மலையைக் கடித்துவிட்டு உப்பு குறைவு என்பவர்கள்.

நண்பகலில் உளுந்தை ஊறப்போட்டாள். காலையிலேயே ஊறப்போட்டிருந்த அரிசியை ஆட்டி எடுத்து வைத்தாள். அதற்குப் பிறகுதான் கொதிக்கிற கஞ்சி அவள் வலது கையில் கொட்டியது. கை பூசணிக்காய் அளவுக்கு வீங்கியது. சின்னப் பூசணி என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்.

பொழுது சாய ஷிப்ட் முடித்து வந்த புருஷன் காத்தவராயன் தோலைக் கழுவி நீக்கிய உளுந்தை ஆட்டுக்கல்லில் போட்டுக் குழவியைப் பிடித்தான். அவன் சுரங்கத்துப் பாறையில் துளை போடுகிறவன். துளைக்குள் தண்ணீரை ஊற்றிக் கம்பியால் இடித்தால் தூள் சேறாகி வெளியே வரும். அதே நினைப்பில் குடத்தை எடுத்து உளுந்தின் மேல் சாய்த்தான்.

"யோவ்! இன்னாய்யா பண்றே?"

"தண்ணி இல்லாம எப்படி இடிக்கறது?"

"இது பாறையா? பாரு, குழவிக்குச் சிக்காம ஏரி மீனாட்டம் ஓடுது!"

உண்மைதான். குழவி ஒரு பக்கம் போனால் பருப்பு மறுபக்கம் நீந்தியது. தாயம்மா இடது கையால் கொட்டாங்குச்சி எடுத்து, வெளுத்த தண்ணீரை மொண்டு சட்டியில் ஊற்றினாள். பருப்பு அடியில் தங்கியது.

"இப்ப ஆட்டு. நான் தெளிக்கிறப்பத்தான் தண்ணி."

மொண்ட தண்ணீரையே கை நனையும் அளவுக்கு அவ்வப்போது தெளித்தாள். பருப்பு உடைந்து, பசையாகி, குழவியைப் பிடித்தது. இறுகியபோது மறுபடி தெளித்தாள். குழியை விட்டு மேலே ஒதுங்கியதை உள்ளே தள்ளிவிட்டாள்.

"தோளு கழண்டுடும்டி. அந்தச் சட்டியை மொத்தமா கவுத்துடேன்."

"கவுத்தா மாவு தோசைக்குத்தான். மேஸ்திரி இட்லி கேட்டாரு."

ஆட்ட ஆட்ட மாவு பொங்கிக் குழியின் வாய்க்கு வந்தது. ஒரு துளியைக் கிள்ளித் தண்ணீரில் போட்டாள். மிதந்தது. அரிசி மாவோடு உப்புச் சேர்த்து இடது கையால் கலந்து, குளிருக்கு அடுப்போரம் வைத்தாள். விடியற்காலையில் மூடி தூக்கிக்கொண்டு நின்றது. இன்னும் சற்று விட்டிருந்தால் கூரை போயிருக்கும்.

சுரங்கத்து வாசலில் ராஜப்பா முதல் இட்லியைப் பிட்டார். விரல் பட்டதும் அமுங்கி, மறுபடி எழுந்தது. நாலாவது இட்லிக்குப் பிறகே பேசினார்.

"யாரு ஆட்டினது?"

"நான்தாங்க மேஸ்திரி" என்று நெஞ்சை நிமிர்த்தினான் காத்தவராயன்.

"அப்ப தினமும் நீயே ஆட்டு. கை மாறினா மாவு மாறிடும். இன்னா தாயம்மா?"

"சரிங்க" என்றாள் தாயம்மா, புருஷன் வாய் திறப்பதற்குள்.