உணர்வுக்கு நான் சொன்ன சாட்சி

இந்தக் காலத்தில் ஆளைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்கிறார்கள். தாங்கள் முன்னமே முடிவு செய்ததைத்தான் நம்முடைய வாயால் கேட்க விரும்புகிறார்கள். அது தெரிந்தும் நான் வாயைத் திறந்தேன்.

செட்டிபாளையத்தில் வாவியைப் பார்த்து நிற்கும் தியான இல்லத்தில் சமைப்பதும் கேட்டைப் பூட்டுவதும் என் வேலை. அங்கே தங்கி விதுர்ஷா மிஸ்ஸும் வினாயகமூர்த்திப் பண்டிதரும் ஒரு மெய்யியல் பாடநூலைத் தமிழாக்கினார்கள். மிஸ் பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறவர். பண்டிதர் சைவ சித்தாந்தத்தில் ஊறினவர்.

கடைசி நாள் காலையில் ‘ஒன்டோலொஜி’க்கு மிஸ் ‘இருப்பியல்’ என்றார். பழைய நூல்கள் ‘உள்பொருள்’, ‘இல்பொருள்’ என்றே பேசுகின்றன என்றார் பண்டிதர். ‘உள்பொருளியல்’ என்று ஒத்துக்கொண்டார்கள். பின்னேரம் ‘கொன்சியஸ்னெஸ்’ வந்தது, சண்டையும் வந்தது.

“நனவு எண்டு போடுவம் ஐயா. இப்ப எல்லாரும் அதத்தான் எழுதுறாங்க.”

“நனவு முழிப்பு நிலை, பிள்ள. கனவு, உறக்கம் எண்டு மத்த நிலையளும் இருக்கு. ஒரு நிலைக்குரிய பேர முழுசுக்கும் வெச்சா, கனவு காணுறவன் என்னத்தால காணுறான்? உணர்வு எண்டு போடுங்க. நாளைக்குப் பிள்ளையள் பழைய நூலத் திறந்தா அதே சொல் அங்க நிக்கும்.”

“உணர்வு எண்டா இப்ப கோவம், கவலைதானே? யோசேப்பு ஐயாட்டயே கேப்பம்.” மிஸ் குசினிப் பக்கம் என்னைப் பார்த்துத் திரும்பினார். “ஐயா, உணர்வு எண்டா என்ன?”

அடுப்பில் மீன் கிடந்தது. என் சொதியில் உப்பில்லை என்று பண்டிதர் முதல் நாள் சொன்ன கடுப்பும் இருந்தது.

“கோவம், கவலை, அதுகள்தான்” என்றேன்.

“பாத்தீங்களா ஐயா?”

பண்டிதர் என்னை ஒருதரம் பார்த்தார். “வாசிக்கிற சனத்துக்கு விளங்காட்டி வெச்சு என்ன செய்யிற?” என்று தன் சொல்லைத் தானே வெட்டினார்.

குசினியில் மீனைப் புரட்டும்போதுதான் நினைவு வந்தது. என் மனுசி செசீலியா ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தபோது, “உணர்வு இருக்கு” என்று வந்தவன் போனவனிடமெல்லாம் சொன்னவன் நான். முழிப்பில்லை. ஆனால் கையைப் பிடித்தால் விரல் அசைந்தது. அதற்கு நான் வைத்திருந்த சொல் அதுதான். கோபத்தையோ கவலையையோ நான் சொல்லவில்லை.

போய்ச் சொல்வதற்குள் பண்டிதர் பஸ் ஏறிவிட்டார். மிஸ்ஸிடம் சொன்னேன்.

“அப்பவே சொல்லியிருக்கலாமே ஐயா?”

“மீன் கருகிப் போகுமெண்டு பாத்தன்.”

சிரித்தார். “இப்பதான் அச்சகத்துக்கு மெயில்ல அனுப்பினன். யோசிக்காதீங்க, அடிக்குறிப்பில உணர்வையும் போட்டிருக்கன். ஒரு ஆள்ட கதைய வெச்சு மாத்தவும் ஏலாதே.”

“ஒரு ஆள்ட கதைய வெச்சுத்தானே மிஸ் வெட்டினீங்க?”

“பண்டிதரும் சம்மதிச்சவர்தானே” என்றார்.

“அவர் என்னை நம்பினவர்.”

“அடிக்குறிப்பே போதும் ஐயா, வாசிக்கிறவங்க பாப்பாங்க.”

சின்ன எழுத்தில் கிடப்பதை எவன் பார்க்கிறான்? நான் கேட்டைப் பூட்டப் போனேன்.