எர்ரப்பாவின் பசு

சாட்சிக் கூண்டில் ஏறி நின்றது எர்ரப்பா. மாட்டிக்கொண்டது என்னவோ அலிவேலு.

அலிவேலு அரசுப் பள்ளியில் தெலுங்கு டீச்சர். எல்லையோரத்து ஊர் என்பதால் தெலுங்கு மட்டுமே பேசும் சாட்சி யாராவது வந்தால் கோர்ட்டிலிருந்து அவளைக் கூப்பிட்டு அனுப்புவார்கள். கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்ப்பேன் என்று சத்தியம் செய்துவிட்டு கூண்டுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். காதில் விழுவதைத் தமிழில் சொல்வதற்கு எதற்கய்யா இவ்வளவு பெரிய சத்தியம் என்று இதுவரை சிரித்துக்கொண்டிருந்தவள்தான்.

வழக்கு ஒன்றும் பெரிதில்லை. பெத்த ரெட்டியின் களத்தில் வைக்கோல் போர் எரிந்துபோனது. அதற்கு முன்னால் அவர் அடித்து விரட்டிய வேலைக்காரன் ஓபுலேசுதான் கொளுத்தினான் என்று பிடித்து வைத்திருந்தார்கள். களத்துக் காவல்காரர் எர்ரப்பா. தீப் பிடித்தபோது அங்கே இருந்த ஒரே ஆள்.

"தீ எரியறப்போ என்ன பாத்தீங்க?" என்றார் ஓபுலேசுவின் வக்கீல் குலசேகரன். அலிவேலு அதைத் தெலுங்கில் கேட்டாள்.

எர்ரப்பா தொண்டையைச் செருமினார். போருக்குப் பின்னாலிருந்து "வச்சிந்தி" என்றார். களத்து வாசல் படலை இடித்துத் தள்ளிக்கொண்டு "வெள்ளிப்போயிந்தி" என்றார். அவ்வளவுதான். எது, எவர் என்று ஒரு சொல் கிடையாது.

அலிவேலு வாயைத் திறந்தாள், திறந்தபடியே நின்றாள்.

தெலுங்கில் ஆம்பளை வந்தால்தான் வினைச்சொல்லுக்குத் தனி வால். பொம்பளை வந்தாலும் வச்சிந்தி, பசு வந்தாலும் வச்சிந்தி, மழை வந்தாலும் அதே வச்சிந்திதான். ஒருத்தி தன்னந்தனியாக வந்தால் மாட்டோடும் மரத்தோடும் மறைந்து நின்றுகொள்ளலாம், பேச்சு அவளைக் காட்டிக்கொடுக்காது. தமிழ் அப்படி விடுமா? முதல் கேள்வியே உயர்திணையா அஃறிணையா என்பதுதான். எம்.ஏ. படிக்கும்போது இதையெல்லாம் எவ்வளவு ஆசையாகப் படித்தாள்! இந்திக்காரனுக்கு நாற்காலிகூடப் பெண். ஆப்பிரிக்காவில் சில பாஷைகளில் ஆண் பெண் பேச்சே இல்லை, மனுஷருக்கு ஒரு வகுப்பு, மரத்துக்கு வேறொரு வகுப்பு. பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியாயிற்று. அது ஒரு நாள் இப்படிக் கழுத்தில் வந்து உட்காரும் என்று எந்த வாத்தியாரும் சொல்லவில்லை.

"என்ன டீச்சர், என்ன சொல்றாரு?" என்றார் நீதிபதி.

"பின்னால இருந்து வந்துச்சு, படலைத் தள்ளிட்டுப் போயிடுச்சுன்னு சொல்றாருங்கய்யா."

பேச்சுத் தமிழுக்குள் போய் ஒளிந்துகொண்டாள் பாவம். அந்தப் பொண்ணு வந்துச்சு, அந்த மாடு வந்துச்சு, ரெண்டும் ஊரில் சொல்வதுதானே. ஆனால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த கிளார்க் தாமோதரன் விடவில்லை. நல்ல மனுஷர், எழுத்துத் தமிழ் என்று வந்தால் மட்டும் எமன்.

"வந்துச்சுன்னு எல்லாம் வாக்குமூலத்துல ஏத்த முடியாது மேடம். வந்தாளா, வந்ததா? ஒண்ணு சொல்லுங்க."

ஓபுலேசு குற்றவாளிக் கூண்டிலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். தெலுங்குப் பையன். வந்தாள் என்றால் அவன் வீட்டுக்குப் போகலாம். வந்தது என்றால் அந்தக் களத்துக்கு வேறு மனுஷர் யாரும் வரவில்லை, பழி முழுக்க அவன் தலையில்தான்.

கதவோரம் நின்றாள் நரசம்மா, எர்ரப்பாவின் மருமகள். மாமனாருக்குத் தூக்குப் பாத்திரத்தில் களி கொண்டுவந்தவள். இடுப்பில் நாலு வயசுப் பெண் குழந்தை. பெத்த ரெட்டி அவளை என்ன பாடு படுத்தினார் என்று ஊரே அறியும், ஊரே வாயை மூடிக்கொண்டிருந்தது. அலிவேலுவுக்கும் தெரியும். வச்சிந்தி என்ற சொல் விழுந்தபோது நரசம்மா தலை குனிந்ததையும் அவள் பார்த்துத் தொலைத்தாள்.

"ஐயா, தெலுங்குல அது ரெண்டுக்கும் பொதுங்கய்யா. சாட்சிகிட்டயே ஒரு தடவை கேட்டுக்கட்டுமா?"

"கேளுங்க, கேளுங்க."

"தாத்தா, வந்தது மனுஷியா, மாடா?"

எர்ரப்பா அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே! பொய் சொல்லாமல் தப்பிக்க ஒரு சந்து கண்டுபிடித்து வைத்திருந்தார் மனுஷர். அதை அடைத்தவள் இவள். அவர் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"பசு" என்றார்.

"பசு வந்தது" என்று தட்டினார் தாமோதரன். ஓபுலேசு கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டான். கிழவர் சத்தியம் பண்ணிவிட்டுப் பொய் சொல்லிவிட்டார். சொல்ல வைத்தது அலிவேலு.

குலசேகரன் லேசில் விடுகிற ஆளா?

"யாரோட பசு, பெரியவரே?" கேள்வியும் பதிலும் அலிவேலு வழியாகத்தான் போய் வந்தன.

"எங்க பசுதான். கன்னு போட்ட பசு."

"அப்பக் கன்னு எங்க? வீட்லயா?"

"அதை விட்டுட்டு இருக்காது சார். எங்க போனாலும் கூடவே. அழுதுட்டே பின்னால ஓடிச்சு" என்றார் எர்ரப்பா. அவர் கண் அவரை அறியாமல் கதவோரம் போனது. குரல் இளகிவிட்டது. அடுத்ததைத் தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார். "இத்தரூ வெள்ளிப்போயாரு."

அலிவேலு சட்டென்று அவர் பக்கம் திரும்பினாள்.

மாடும் கன்றும் போனால் "ரெண்டூ வெள்ளிப்போயாயி." இத்தரு என்றால் மனுஷர் இருவர். ஒருமையில் மாட்டோடு நிற்கிற பெண், பன்மை என்றதும் ஆண்கள் வரிசையில் வந்து நின்றுவிடுகிறாள். ஒருத்தியை மறைக்க இடமுண்டு, தாயையும் பிள்ளையையும் சேர்த்து மறைக்க இடமில்லை. பாவி மனுஷா, வாயைக் கட்டியிருக்கக் கூடாதா!

வக்கீலுக்குத் தெலுங்கு தெரியாது, நீதிபதிக்கும் தெரியாது. "ரெண்டும் போயின" என்று சொன்னால் கேட்பாரில்லை. மாட்டை மகளாக வளர்க்கிறவர்கள் செல்லமாக இத்தரு என்று சொல்வதுண்டு என்று மனசுக்குச் சமாதானமும் சொல்லிக்கொள்ளலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் குற்றவாளிக் கூண்டில் ஒருவன் தலையை நிமிர்த்திவிட்டான். அவன் கேட்டுவிட்டான். கத்தவில்லை, கை காட்டவில்லை. செய்யாத தப்புக்கு உள்ளே போகப் போகிறவன் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

இந்தப் பக்கம் திரும்பினால் நரசம்மா. அந்தப் பக்கம் திரும்பினால் அவன். சுவரில் காற்றாடி கிறீச் கிறீச் என்று சுற்றியது. இப்படியே மயங்கி விழுந்தால்கூட நன்றாக இருக்கும் என்று நினைத்தாள் அலிவேலு. உடம்பு அதற்கும் ஒத்துழைக்கவில்லை.

"டீச்சர்?" என்றார் நீதிபதி.

"ரெண்டு பேரும் போனாங்கன்னு சொல்றாருங்கய்யா."

தாமோதரனின் விரல் நின்றது. "பேரா? பசு மேடம்..."

"பேருதான். இத்தருன்னு சொன்னாரு. மனுஷங்களுக்குத்தான் அப்படிச் சொல்வாங்க" என்றாள். குரல் யாருடையதோ போல இருந்தது.

குலசேகரன் நிமிர்ந்து நின்றார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "யார் அந்த ரெண்டு பேருன்னு கேளுங்க."

அதையும் அவள்தான் கேட்க வேண்டும். கேட்டாள். கதவோரம் நரசம்மா குழந்தையை இறக்கிவிடாமல், ஓடாமல், தூக்குப் பாத்திரத்தோடு அப்படியே நின்றாள். எர்ரப்பா நீதிபதியைப் பார்க்கவில்லை, வக்கீலையும் பார்க்கவில்லை. அலிவேலுவைப் பார்த்து மெதுவாக ஏதோ சொன்னார். அதில் கோபம்கூட இல்லை. இருந்திருந்தால் தேவலை.



"என்ன சொன்னாரு? சொல்லுங்க டீச்சர், சத்தியம் பண்ணியிருக்கீங்க."

அலிவேலு கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"'நீதான் சொல்லிட்டியேம்மா'ன்னு சொல்றாருங்கய்யா."