ஆறு நாள் நடந்து தோற்ற வழக்கு

யாத்திரை போய் வந்தவர்களிடம் கூட்டம் எப்படி, தரிசனம் எப்படி என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் உதட்டைப் பிதுக்குவேன். ஆறு நாள் நடையில் முக்கால்வாசி நேரம் என் தங்கையோடு சண்டை போட்டுக்கொண்டு போனேன். அவள் என்னோடு வரவேயில்லை, அது வேறு விஷயம்.

நாங்கள் இருவரும் சேர்ந்துதான் தையல்கடை நடத்தினோம். துணியை மடித்துக் கோடு போடுவது நான், வெட்டுவது அவள். மூன்று வருடம் முன்பு ஒரு பாடகிக்கு வெல்வெட் அங்கி தைத்தோம். வெல்வெட்டின் முடி ஒரு பக்கமாகப் படிந்திருக்கும். எல்லாத் துண்டும் அதே திசையில் அமையாவிட்டால் வெளிச்சத்தில் ஒரு பாதி கறுத்தும் மறுபாதி வெளுத்தும் தெரியும். அப்படித்தான் தெரிந்தது. பாடகிக்கு முன்னாலேயே, கடையே கேட்க, “கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?” என்று தங்கையைக் கிழித்தேன். கத்தரிக்கோலை மேசைமேல் வைத்துவிட்டுப் போனவள் போனவள்தான். ஒரு ஆயத்த ஆடை ஆலையில் சேர்ந்துவிட்டாள்.

அவள் இல்லாமல் எனக்குக் கடையும் பிடிக்கவில்லை, சோறும் பிடிக்கவில்லை. ஆனால் நானாகக் கூப்பிடுவேனா? அவளாக வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். அந்த ஒரே வேண்டுதலோடுதான் கிளம்பினேன்.

முதல் இரண்டு நாள் மனசுக்குள் வழக்கு ஜோராக நடந்தது. வக்கீலும் நான், நீதிபதியும் நான். அவளுக்கான பதில்களையும் நானே போட்டேன், எல்லாம் அசட்டுப் பதில்கள். நான் கேட்பேன், அவள் திருதிருவென்று விழிப்பாள். பக்கத்தில் நடந்து வந்த ஒரு பஸ் கண்டக்டரம்மா ஒருமுறை என் தோளைத் தட்டி, “உதடு அசையுதே, மந்திரமா?” என்றாள். “ஆமா, ஆமா” என்று மழுப்பினேன்.

மூன்றாம் நாள் குதிகாலில் கொப்புளம் உடைந்தது. வலியில் வாதம் பிசுபிசுத்தது. அதே கேள்வி, அதே பதில்; எனக்கே சலித்துவிட்டது. நான்காம் நாள் வெயிலில் அவளுக்கு அசட்டுப் பதில் கற்பிக்கக்கூடத் தெம்பில்லை. நான் எழுதிக் கொடுக்காமலேயே அவள் பேசினாள்: “அக்கா, அந்தத் துணிய எப்படி மடிச்ச?”

நடுரோட்டில் நின்றுவிட்டேன். நீளவாக்கில் மடித்தால் இரண்டு அடுக்கிலும் முடி ஒரே பக்கம் ஓடும். தலைப்பையும் கடைசியையும் சேர்த்துக் குறுக்காக மடித்தால் மேலடுக்கில் முடி தலைகீழாகிவிடும். அன்று மேசையில் இடமில்லை, எனக்கோ அவசரம். குறுக்காகத்தான் மடித்தேன். என் கைக்கு அது அப்படியே ஞாபகம் இருந்தது, பாவி!

உடனே திருந்திவிட்டேன் என்று நினைக்காதீர்கள். ஐந்தாம் நாள் முழுக்க அப்பீல். நான் மடித்தால் என்ன, வெட்டுகிறவள் தடவிப் பார்க்க வேண்டாமா? அவள் சொல்லியிருக்கலாமே? ஆனால் ஒவ்வொரு சாக்கும் நாலு மைல்கூடத் தாங்கவில்லை. பொழுது சாயும்போது சொல்ல எதுவும் மிச்சமில்லாமல் அழுதுகொண்டே நடந்தேன். அவள் சொல்லியிருந்தால் நான் கேட்டிருக்கவே மாட்டேன் என்பதுதான் என்னை அதிகம் அழவைத்தது.

ஆறாம் நாள் சந்நிதியில் கைகூப்பி நின்றேன். கேட்க வந்ததைக் கேட்க வாய் வரவில்லை. வேறு எதுவும் கேட்கத் தோன்றவுமில்லை. மூன்று வருடமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த நியாயம் இறங்கிப் போயிருந்தது. அவமானமாக இருக்கும் என்று பயந்தேன். அம்மாடி, அப்பாடா என்றிருந்தது!

ஊர் திரும்பியதும் வீட்டுக்குப் போகவில்லை. நொண்டிக்கொண்டே ஆலை வாசலுக்குப் போய் நின்றேன். ஷிப்ட் முடிந்து பெண்கள் கும்பலாக வெளியே வந்தார்கள். தங்கை என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பினாள்.

“வெல்வெட்ட குறுக்க மடிச்சது நான்தான்டி” என்றேன் மெதுவாக.

“தெரியும். அங்கிய வெளிச்சத்துல பாத்தப்பவே தெரியும்.”

“என்னை மன்னிச்சிடு.”

“இப்படிக் காதுல ஓதினா? அன்னிக்கு எல்லாருக்கும் கேக்கத்தானே கத்தின?”

அவ்வளவுதானே? இந்தத் தொண்டை வேறு எதற்கு இருக்கிறது? திரும்பி நின்று, அத்தனை பெண்களும் வாட்ச்மேனும் கேட்க, “தப்பு என் மேலதான்! என் தங்கச்சி மேல ஒரு தப்பும் இல்ல!” என்று கத்தினேன். வாழ்நாளில் எத்தனையோ முறை கத்தியிருக்கிறேன், இத்தனை சந்தோஷமாகக் கத்தியதில்லை. யாரோ கைதட்டக்கூடச் செய்தார்கள்.

தங்கைக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு விறைப்பாகச் சொன்னாள்: “வர்றேன். ஆனா இனிமே துணிய நான்தான் மடிப்பேன்.”

“மடி தாயே, மடி” என்றேன்.