சத்தமில்லாத ரிலே

செங்கம் சாலைச் சத்திரத்தில் தியானத்துக்கு வந்த வெள்ளைக்காரர்களுக்குப் பம்பைத் தானாகப் போட்டு அணைக்கும் பொட்டியில் ரிலே அடிக்கிற 'டக்' சத்தம் ஆகவில்லை. மானேஜர் ராஜேந்திரன் அய்யூபிடம் புலம்பினார். மோட்டாருக்குக் காயில் சுற்றுவதில் ஊரில் பெயர் வாங்கியவன் அய்யூப். கெத்து காட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் வேண்டுமா? மெட்ராஸிலிருந்து சாலிட் ஸ்டேட் ரிலே ஒன்றை வாங்கிவந்தான். உள்ளே அசைகிற பாகமே கிடையாது, அதனால் சத்தமும் கிடையாது.

ஓடிக்கொண்டிருந்த பம்பின் கம்பியில், கரண்ட் அளக்கும் டாங் டெஸ்டரை மாட்டிப் பார்த்தான். ஏழு ஆம்பியர். புது ரிலே பத்து ஆம்பியர் தாங்கும். போதும் என்று பழைய பெரிய ரிலேவைக் கழற்றிவிட்டு இதை மாட்டினான்.

"இதுல யாரும் கைய வெக்கக் கூடாது. தொட்டி ரொம்பினா தானா நின்னுடும்," என்று தண்ணீர் வேலை பார்த்த பாஞ்சாலையிடம் கறாராகச் சொல்லிவிட்டுப் போனான்.

இரண்டு மாதம் ஒரு பேச்சில்லை. பௌர்ணமி அன்று காலையில் பார்த்தால் தொட்டி வழிந்து முற்றமெல்லாம் சேறு, கிணற்றில் அடி தெரிந்தது. தொட்டியில் இருந்ததும் சீக்கிரமே தீர்ந்து, கிரிவலக் கூட்டம் காலிக் குடத்தோடு நின்றது. மெயினை அணைத்துவிட்டு அய்யூபை வரவழைத்தார்கள். எல்லோரும் அவனையே பார்த்தார்கள்.

"இந்தம்மா ஈரக்கையோட பொட்டியத் தொட்டிருக்கும்," என்றான். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"நான் தொடல பாய்," என்றாள் பாஞ்சாலை. யார் காதில் வாங்கினார்கள்? ராஜேந்திரன் அப்போதே அவளை வேலையை விட்டு நிறுத்தினார்.

கூட்டம் கலைந்து, கிணற்றில் கொஞ்சம் ஊறியதும் அய்யூப் பொட்டியைத் திறந்தான். தொட்டி நிரம்பினால் நிறுத்தச் சொல்லும் மிதவையிலிருந்து வரும் கட்டளைக் கம்பியை உருவிவிட்டு மெயினைப் போட்டான். கட்டளையே இல்லாமல் பம்பு ஓடியது! ரிலே உள்ளுக்குள் ஷார்ட்டாகி ஒட்டிக்கொண்டிருந்தது. டெஸ்டரை மாட்டி மறுபடி அணைத்துப் போட்டான். கிளம்பும்போது முள் நாற்பதைத் தாண்டி எகிறி, பிறகுதான் ஏழுக்கு இறங்கியது. பழைய ரிலேவின் தடித்த முனைகள் மோட்டாருக்கென்றே செய்தவை, அந்த உதையைத் தாங்கின. இதுவோ ஒவ்வொரு தடவையும் அடி வாங்கி உள்ளேயே செத்துப்போயிருந்தது. கிளம்புகிற கரண்ட் ஐந்தாறு மடங்கு என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன் அவன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

பழையதையே மாட்டினான். ராஜேந்திரனைத் தனியாகக் கூப்பிட்டு, "தப்பு என்னோடது சார். அந்தம்மாவ வரச்சொல்லுங்க," என்றான்.

"நீயே போய்க் கூட்டியா," என்றார் அவர்.

அடி அண்ணாமலையில் பாஞ்சாலை தன் வீட்டு வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தாள். அவன் சொல்லி முடிக்கும்வரை துடைப்பத்தைக் கீழே வைக்கவில்லை.

"தொடக்கூடாதுன்னு சொன்னதே நீதான பாய்?"

அய்யூப் தலையைத் தொங்கப் போட்டான்.

"மானேஜர்கிட்ட சொல்லிட்டேன்மா. உன் வேலை உனக்குத்தான்."

"அவர்கிட்ட தனியா சொன்னியா?"

"ஆமாம்மா."

"என்னைச் சொல்றப்போ அத்தினி பேர் எதிர்ல சொன்ன இல்ல?" துடைப்பத்தைச் சாத்திவிட்டு முந்தானையை இழுத்துச் செருகினாள். "வா. அங்கயே வந்து சொல்லு."

அவள் முன்னால் நடந்தாள். சத்திரத்து வாசலில் காலையில் இருந்த அதே ஆட்கள் மறுபடி தண்ணீருக்கு நிற்பது தூரத்திலேயே தெரிந்தது.