வெயிலில் போட்ட கோப்பிக் கொட்டை

முஃபீதா வறுத்துக் கொடுத்த கோப்பிக் கொட்டை, நெத்தலிக் கருவாட்டுக்குப் பக்கத்தில் பாயில் காய்ந்துகொண்டிருந்தது. கற்பிட்டிக் கடற்கரையில் நிக்கொலஸ் நடத்தும் விடுதியின் பின்முற்றம் அது. பட்டம் பிடித்துக் கடலில் சறுக்க வரும் வெள்ளைக்காரர்களுக்கு இந்தக் காற்றுப் பருவம் முழுக்கக் கோப்பி கொடுக்கும் ஓடரை அவள் நாயாய் அலைந்து பிடித்திருந்தாள். இன்று அதை நிறுத்தத்தான் நிக்கொலஸ் அவளைக் கூப்பிட்டிருந்தான்.

“எடுத்திட்டுப் போ தங்கச்சி. பழைய சாமான். எண்ணெய் கக்குது. அரைக்கிற மிஷினும் அடைச்சுப் போச்சு.”

“வெயில்ல எதுக்குப் போட்டீங்க?”

“எண்ணெய் வத்தட்டும் எண்டுதான். நெத்தலிக்குச் சரிவருதே!”

முஃபீதாவுக்கு உச்சி கொதித்தது. பாயிலிருந்த கொட்டை முன்னைவிட அதிகமாக மினுங்கியது. வெயில் உள்ளே மிச்சமிருந்ததையும் வெளியே அழைத்து வந்திருந்தது.

“கரி மாதிரி வறு எண்டு கேட்டது ஆரு? நீங்கதானே! அவ்வளவு கடுமையா வறுத்தா கொட்டைக்குள்ள சின்னச் சின்ன அறையெல்லாம் வெடிச்சுப் போகும். உள்ள அடைபட்ட வாயு எண்ணெயை வெளிய தள்ளும். போன கிழமை வறுத்ததும் மினுங்கும். இளசா வறுத்தது எண்ணெய் விட்டாத்தான் பழசோ எண்டு பாக்கணும்.”

“கதை நல்லாத்தான் இருக்கு.”

கதையா? முஃபீதா பையைத் திறந்தாள். அதே வறுவலில் தனக்கென்று மூடி வைத்திருந்த கொட்டையையும் பாயில் கிடந்ததையும் உரலில் தனித்தனியே இடித்து, இரண்டு கோப்பையில் போட்டுச் சுடுதண்ணீர் ஊற்றினாள். அவளுடையது, உள்ளே இன்னும் இருந்த வாயு வெளியேற, நுரைத்துப் பொங்கியது. வெயிலில் வாயு போன மற்றது அசையவில்லை. முகர்ந்து பார்த்த நிக்கொலஸ் மூக்கைச் சுளித்தான்.

“நெத்தலி வாசம்.”

“வறுத்தது நான். நெத்தலிக்குக் குடுத்தது நீங்க!”

“சரி, மிஷின்?”

மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு மிஷினைத் திறந்தாள். எண்ணெயில் ஊறிய தூள், களிமண்போல் பற்களிலும் தூள் விழும் குழாயிலும் அப்பியிருந்தது.

“எப்பயாவது துப்புரவாக்கினீங்களா?”

“அது அரைக்கிற மிஷின். பல் விளக்கவா?”

“ஓம், விளக்கத்தான்! எண்ணெய்க் கொட்டை ஒட்டும். தண்ணி படாம, நாள்தோறும் பிரஷால தட்டணும்.” அதை முதலே சொல்லாதது தன் பிழைதான் என்று அவளுக்குத் தெரிந்தது, அதனால் குரல் இன்னும் உயர்ந்தது. “ஏலாதெண்டா சொல்லுங்க, கொஞ்சம் இளசா வறுத்துத் தாறன். இப்பிடி ஒட்டாது.”

“வெள்ளைக்காரனுக்குக் கறுப்புத்தான் வேணும்.”

“அப்ப தேயுங்க.” பிரஷை அவன் கையில் திணித்தாள். “ஓடர் இருக்கா, இல்லையா?”

“இருக்கு, இருக்கு. கத்தாதே. ஆக்கள் நித்திரை.”

நிக்கொலஸ் குந்தியிருந்து சுரண்டத் தொடங்கினான். முஃபீதா இடுப்பில் கை வைத்து, அவன் தலைக்கு மேலேயே நின்றாள்.

“இன்னும் உள்ளுக்குள்ள இருக்கு,” என்றாள்.