பந்து யார் காலில்

பள்ளிக்கூடக் கூடத்தில் நாற்காலிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு வரிசையாக மேசை போட்டிருந்தார்கள். ‘விளையாட்டில் விளையாடாத வேலைகள்’ என்று கரும்பலகையில் எழுதியிருந்தது. படித்ததுமே எனக்குச் சுர்ரென்றது. விளையாட்டே வேண்டாம் என்று தலைமுழுகிவிட்டு வந்தவர்களுக்கு இதில் என்ன வேலை?

என் மகளை வீட்டில் பட்டாணி என்றுதான் கூப்பிடுவோம். பள்ளிக் கால்பந்து அணியில் நடுவில் நின்று ஆடியவள். போன வருஷம் இறுதி ஆட்டத்தில் முழங்கால் தசைநார் அறுந்து, அறுவை சிகிச்சை ஆகி, இப்போது நடக்கிறாள், படியேறுகிறாள். ஆனால் ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. தோழிகள் போன் செய்தால் எடுப்பதில்லை. காலைவிட அந்த மௌனம்தான் எனக்குப் பெரிய கவலை.

அடுத்த வருஷம் படிக்க நான்கு பாடங்களைத் தேர்ந்தெடுத்துத் தாளில் எழுதித் தரவேண்டும். கணக்கியல், வணிகம், மொழி, வரலாறு என்று எழுதி வைத்திருந்தாள். கணிதத்தைக் கண்டால் அவளுக்குக் காய்ச்சல் வரும். எனக்கும் அது சம்மதம்தான். ஏதாவது ஓர் அலுவலகத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்காரட்டும், கை கால் பத்திரமாக இருக்கும். என் தையல் கடையில் ஊசி குத்தினாலே ஒரு மணி நேரம் புலம்புகிறவள் நான்.

தாளைக் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம் என்று பார்த்தால் பி.டி. டீச்சர் வாசலிலேயே மறித்துக்கொண்டார்.

“ஒரு சுத்து சுத்திட்டுக் குடுங்கம்மா. வகுப்பு டீச்சர் கடைசி வரைக்கும் இங்கதான் இருப்பாங்க.”

முதல் மேசையில் பிசியோதெரபிஸ்ட். பட்டாணியின் காலைச் சரிசெய்ததும் இப்படி ஒரு பெண்தான். எனக்கு ஆசை முளைத்துவிட்டது.

“இவ விளையாட்டு அறிவியல் படிச்சா உங்களை மாதிரி ஆகலாமாம்மா?”

“எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க. அது வேற பட்டம், இது வேற பட்டம். பிசியோவுக்கு உயிரியல் கட்டாயம் வேணும். ஆஸ்பத்திரில பயிற்சி எடுக்கணும், அப்புறம் பதிவும் பண்ணணும்.”

“அம்மா, எனக்கு ரத்தத்தைப் பார்த்தாலே மயக்கம் வரும்” என்றாள் பட்டாணி. “அடுத்தவங்க வேர்வைக் காலை வேற நான் பிடிக்கணுமா?”

அடுத்த மேசையில் இருந்த நடுவர், பள்ளியில் படிக்கும்போதே விதித் தேர்வு எழுதி, ஓட்டத் தேர்விலும் தேறிச் சின்னப் பிள்ளைகள் ஆட்டத்துக்கு விசில் ஊதலாம், எந்தப் பாடம் எடுத்தாலும் பரவாயில்லை என்றார். ஓட்டம் என்றதுமே நான் இவளை இழுத்துக்கொண்டு நகர்ந்தேன்.

கடைசி மேசையில் இரண்டு மடிக்கணினிகளோடு ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். ஆட்டப் பகுப்பாய்வாளராம். எனக்கு அவன் வீடியோக்காரத் தம்பிதான். ஒரு கால்பந்து கிளப்பில் சம்பளத்துக்கு ஆட்டம் பார்க்கிறானாம். கொடுத்துவைத்தவன்!

“சும்மா பாக்குறதில்லக்கா. பந்து பறிபோனா ஒரு பட்டன், கோலுக்கு அடிச்சா இன்னொரு பட்டன். அமுக்குன இடமெல்லாம் தனித்தனி வீடியோத் துண்டா வந்துடும். அதுல நாலஞ்சு மட்டும் கோச்சுக்குக் காட்டுவேன். ஒரே ஆட்டத்தை ரெண்டு பேர் தனித்தனியாப் பார்த்து அமுக்கி ஒப்பிட்டும் பார்ப்போம். ரெண்டும் பொருந்தலைன்னா கணக்கை நம்ப முடியாது. பார்க்கிறீங்களா?”

திரையில் எங்கள் பள்ளியின் நீலச் சட்டைகள். பட்டாணியின் முகம் வெளிறிவிட்டது. அதே இறுதி ஆட்டம். வீடியோவை பி.டி. டீச்சர் கொடுத்திருக்கிறார்.

“நான் பார்க்கலை. போலாம்மா.”

எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்த வீம்பு. அவள் ஆடி நான் ஒரு ஆட்டம்கூடப் பார்த்ததில்லை. விழுவாளோ என்ற பயம். இன்றைக்குப் பார்த்தே தீருவது என்று நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.

“நீலம் பந்தை விட்டா அமுக்கணும், அவ்வளவுதானே தம்பி?”

“அம்மா, உனக்குக் கோல் எந்தப் பக்கம்னே தெரியாது” என்றாள். மானம் போகிறதே என்றுதான் அவளும் பக்கத்துக் கணினியில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

பத்து நிமிடம் ஓடியது. நான் தட்டு தட்டென்று தட்டினேன். அவளோ எப்போதாவதுதான் அமுக்கினாள். கடைசியில் ஒரு சிவப்புச் சட்டைக்காரி சறுக்கிக்கொண்டு வந்து என் பிள்ளையின் காலில் மோதினாள். பட்டாணி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். நான் தையல் மெஷின் போல அமுக்கித் தள்ளினேன்.

தம்பி இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினான். என் துண்டுகளை ஒவ்வொன்றாக ஓட்டினான். எல்லாவற்றிலும் பட்டாணி. விழுகிறாள், எழுந்திருக்கிறாள், யாரோ இடிக்கிறார்கள், ஷூ நாடாவைக் கட்டுகிறாள்.

“அக்கா, பந்து எங்க இருக்குன்னு நீங்க பார்க்கவே இல்லை.”

“பந்தை நானா பெத்தேன்?” என்றேன். சுற்றி நின்ற பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பட்டாணியும் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாள் ஆயிற்று!

“கடைசி ஒண்ணு பாக்கி” என்றான் தம்பி. “அம்மா அமுக்கியிருக்காங்க, நீ அமுக்கலை.”

பட்டாணியின் சிரிப்பு போய்விட்டது. “அம்மாது சரிதான். நான் பந்தை விட்டுட்டேன். அதுலதான் அவங்க கோல் போட்டாங்க. என்னாலதான் தோத்தோம். எழுதிக்கோங்க.”

இத்தனை மாதமும் இதையா சுமந்துகொண்டிருந்தது இந்தப் பிள்ளை? காலுக்காக அழுகிறாள் என்றல்லவா நினைத்திருந்தேன்!

“பார்க்காம எழுத மாட்டோம்மா. அதான் இந்த வேலையில முதல் விதி” என்று அவன் மெதுவாக ஓட்டினான்.

பட்டாணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். திரையில் அவள் கால் பந்தைத் தள்ளுகிறது. பந்து போன பிறகுதான் அந்தச் சிவப்புச் சட்டை வந்து மோதுகிறது. பந்து நேராக ஓரத்தில் ஓடிய நீலச் சட்டைக்காரியிடம் போகிறது. அவள் இன்னொருத்திக்குத் தட்டுகிறாள். ஆட்டம் நிற்கவில்லை. மைதானத்தின் அந்தக் கோடியில் வேறு யாரோ தடுமாறிய பிறகுதான் பந்து சிவப்பின் காலுக்கு மாறுகிறது, கோலும் விழுகிறது.

“போயிடுச்சா?” என்றாள் பட்டாணி. “அந்தப் பாஸ் போயிடுச்சா?”

“அழகாப் போயிருக்கு. நீ கீழ கிடந்தே, உனக்கு எப்படித் தெரியும்?”

“இன்னொரு தடவை போடுங்கண்ணா.”

மூன்று தடவை பார்த்தாள். என் பிள்ளை தேம்பித் தேம்பி அழுதாள், நானும் அழுதேன். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, “அந்தக் கோலுக்கு முன்னாடியே எங்க இடது பக்கம் காலியா இருந்துச்சு, பாருங்க” என்று திரையைத் தொட்டுக் காட்ட ஆரம்பித்தாள். தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“இதுக்கு என்ன படிக்கணும்ணா?”

“ஒரே வழின்னு இல்லை. ஆட்டம் தெரியணும், அது உனக்கு இருக்கு. ஆனா கணிதம் வேணும், முக்கியமாப் புள்ளியியல். கம்ப்யூட்டரும் பழகிக்கோ. வேலை கொஞ்சம்தான், போட்டி ஜாஸ்தி. லீவு நாள்லதான் ஆட்டமே நடக்கும். கிளப்புல கிடைக்கலைன்னாலும் அந்தப் படிப்புக்கு வெளியில மதிப்பு இருக்கு.”

பட்டாணி தாளை எடுத்தாள். வரலாற்றை அடித்தாள். பேனா அங்கேயே நின்றது.

“அம்மா, கணக்குல நாப்பத்தொண்ணும்மா.”

“தெரியும்டி, மார்க் கார்டுல கையெழுத்துப் போட்டவளே நான்தானே. டியூஷன் வச்சுக்கலாம். எழுது.”

“விளையாட்டுப் பக்கமே போகக் கூடாதுன்னு சொன்னியே?”

“உக்காந்து பாக்குற வேலைதானே, போய்த் தொலை” என்றேன்.

கணிதம் என்று எழுதினாள். அடியில் நான் கையெழுத்துப் போட்டேன். வகுப்பு டீச்சரிடம் கொடுத்துவிட்டுத் தெருவில் இறங்கியதும் ஆரம்பித்தாள். யார் எங்கே நிற்க வேண்டும், எதிரணி எந்தப் பக்கமாக வந்தது, கோச் யாரை மாற்றியிருக்க வேண்டும் என்று மூச்சுவிடாமல் கொட்டினாள். எனக்கு ஒரு எழவும் புரியவில்லை. பேருந்து வந்தது, ஏறவிடாமல் பேசினாள். போகட்டும், அடுத்ததில் போகலாம் என்று அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.