தண்ணீர் குடிக்கும் சாசேஜ்

பல்லடம் ரோட்டில் ஐயாசாமி புதிதாகத் திறந்திருந்த சாசேஜ் ஆலைக்குள் முதல்முறை காலெடுத்து வைத்தபோது முஸ்தபாவுக்கு வாய் அடைத்துப் போனது. கோட்டைமேட்டுக் கறிக்கடைக்காரருக்குத் தெரியாத கறி வேலையா? ஆனால் இங்கே கறி வெட்டப்படவில்லை, மாவாகிக்கொண்டிருந்தது. கல்யாண அண்டா அளவுக்கு ஓர் எவர்சில்வர் வட்டில் சுற்றியது. அதற்குள் ஆறு கத்திகள் கண்ணுக்கே தெரியாத வேகத்தில் சுழன்றன. முஸ்தபா விடியற்காலை அறுத்து, எலும்பெடுத்து அனுப்பிய முப்பத்தைந்து கிலோ கோழிக்கறி அதில் விழுந்தது. பின்னாலேயே பதினைந்து கிலோ தோல். அப்புறம் அள்ளி அள்ளி ஐஸ். ஐஸ் எங்கே போனது என்று தெரியவில்லை. ஒரு சொட்டு தண்ணீர்கூட வெளியே நிற்கவில்லை. மரவள்ளிக்கிழங்கு மாவும் சோயா மாவும் உப்பும் மசாலாவும் போனபின் தராசில் ஏற்றினால் நூறு கிலோ நின்றது.

"ஏனுங்க முதலாளி, முப்பத்தஞ்சு கிலோ கறி நூறாயிருச்சே!" என்று வாய்விட்டே கேட்டுவிட்டார் முஸ்தபா.

"இதுக்குப் பேர்தானுங்க பாய் டெக்னாலஜி" என்றார் ஐயாசாமி. கோழித்தீவன வியாபாரத்திலிருந்து சாசேஜுக்கு உயர்ந்தவர் அவர். உயர்ந்த அன்றே கோட்டு தைத்துக்கொண்டார். பல்லடத்து மே மாதத்திலும் அதைக் கழற்றுவதில்லை. சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு பலகை: 'புரதம் பதினைந்து சதவீதம். விஞ்ஞானம் தரும் வலிமை.' அதன் அடியில் நின்று பேசினால்தான் அவருக்குப் பேச்சு வரும்.

நாலு மாதம் இந்த வலிமை தடையின்றி விற்றது. ஐந்தாம் மாதம் ஊட்டியில் ஒரு பள்ளிக்கூட விடுதி தான் வாங்கிய சாசேஜைப் பரிசோதனைக்கு அனுப்பிப் பார்த்தது. புரதம் பத்து சதவீதம் என்று வந்தது. விடுதிக்குக் கொள்முதல் பார்க்கும் ஆல்வின் கடிதம் எழுதினார்: வியாழக்கிழமை நேரில் வருகிறேன், என் கண்முன்னே ஒரு ஈடு வேகட்டும், மாதிரி எடுத்துப் போகிறேன்.

அன்று மாலையே ஐயாசாமி ஆள் அனுப்பி முஸ்தபாவை வரவழைத்தார். பலகைக்குக் கீழே ஆலையின் பதினாலு பேரையும் வரிசையாக நிறுத்தியிருந்தார்.

"உங்க கறியில தண்ணி ஏத்தியிருக்கீங்க பாய். கோழியை ராத்திரியெல்லாம் ஊறப்போட்டு எடை கட்டறீங்க. உங்களால எம்பேரு கெட்டுப்போச்சு. வியாழக்கிழமைக்குள்ள இல்லைன்னு காட்டுங்க. இல்லாட்டிப் போனா கோட்டைமேடு முச்சூடும் சொல்லிப்போடுவேன்."

தண்ணீர் ஏற்றுகிறவன் என்ற பேர் ஒருமுறை ஒட்டினால், பேரன் காலத்திலும் உரியாது. அந்தத் தெருவில் அப்படிப் பேர் வாங்கிய ஒருவர் இன்று காய்கறி விற்கிறார். நேர்மையான காய்கறிதான். ஆனாலும் கத்தரிக்காயை அமுக்கி அமுக்கிப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். பதினாலு பேரும் தரையைப் பார்த்தார்கள். ஐஸ் அள்ளும் காளியாத்தாள் மட்டும் தன் கையிலிருந்த ஐஸ் சட்டியைப் பார்த்தாள்.

மறுநாள் ஒரு தூக்குப் பாத்திரத்தில் தன் கறியையும், இன்னொன்றில் கடையில் வாங்கிய ஐயாசாமியின் சாசேஜையும் எடுத்துக்கொண்டு கணபதிப் பகுதிக்குப் போனார் முஸ்தபா. லேத்துப் பட்டறைகளுக்கு நடுவே ஒரு மாடியில் பொற்கொடி பரிசோதனைக்கூடம் வைத்திருந்தாள். பெரும்பாலும் கோழித்தீவனம்தான் வரும். ஊட்டி விடுதிக்குப் பார்த்துக் கொடுத்ததும் அவள்தான்.

"இதுல தண்ணி ஏத்தியிருக்கான்னு பாத்துச் சொல்லுங்க அம்மணி. ஏத்தலைன்னு எழுதச் சொல்லலை. பாத்துச் சொல்லுங்க, அது போதும்."

"உக்காருங்க பாய். நேரமாகும்."

நேரமானது. ஆனால் முஸ்தபா உட்காரவேயில்லை. முதலில் இரண்டு துண்டிலும் ஒரு சொட்டு அயோடின் விட்டாள் பொற்கொடி. கறியில் அது பழுப்பாகவே நின்றது. சாசேஜில் மையிருட்டு நீலமாகப் பரவியது. "மாவு" என்றாள் அவள், பல்லி விழுந்ததைச் சொல்வதுபோல. பிறகு இரண்டையும் கூழாக்கி, நிறுத்து, நீளக் கழுத்துக் குடுவைகளில் போட்டு, கந்தக அமிலத்தில் கொதிக்க விட்டாள். முதலில் கறி கரியாகியது. அரைமணியில் கருமை கலங்கியது. இன்னும் கொஞ்ச நேரத்தில் எல்லாம் தெளிந்து, இளநீலத் தண்ணீராக நின்றது. சதை எங்கே, நார் எங்கே, கோழி எங்கே? முஸ்தபா கண்ணாடிக்குப் பக்கத்தில் மூக்கை வைத்துப் பார்த்தார்.

"கோழி போயிருச்சுங்க பாய். அதுல இருந்த நைட்ரஜன் மட்டும் உள்ள நிக்குது. இப்ப காரம் விட்டுக் காச்சினா அம்மோனியாவா எந்திரிச்சு வரும். அந்தக் கிண்ணத்துல புடிச்சு எண்ணிப்போடலாம்."

கிண்ணத்திலிருந்த இளஞ்சிவப்பு நீர் பச்சையானது. மேலே தொங்கிய கண்ணாடிக் குழாயிலிருந்து அவள் சொட்டுச் சொட்டாக அமிலம் விட்டாள். ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு, கடைசியில் அரைச் சொட்டு. பச்சை பளிச்சென்று சிவந்தது. முஸ்தபாவின் கை தானாக நெஞ்சுக்குப் போனது. நாற்பது வருஷம் கறி நிறுத்த தராசு அவருடையது. ஆனால் அரைச் சொட்டில் நின்று சாட்சி சொல்லும் தராசை அவர் பார்த்ததில்லை.

எண்ணிக்கையை ஆறேகாலால் பெருக்கினால் புரதம் என்றாள். அவர் கறியில் இருபத்திரண்டு, சாசேஜில் பத்து. தண்ணீரை ஏற்கெனவே உலர்த்தி நிறுத்திருந்தாள்.

"சாசேஜுல நூத்துக்கு எழுபது தண்ணிங்க. கறின்னா அதோட சொந்தத் தண்ணி புரதத்தைப் போல நாலு மடங்குக்கு மேல போகாது. பத்துக்கு நாப்பது. மிச்சம் முப்பது கோழி குடிச்ச தண்ணி இல்லை. ஊத்துன தண்ணி."

"எங்கறியில?"

"மூணரை மடங்குகூட இல்லைங்க. நீங்க ஊத்தலை."

முஸ்தபா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அந்தக் குடுவைக்கு எல்லாந் தெரியுது அம்மணி."

"அதுக்குக் கறியே தெரியாதுங்க" என்று சிரித்தாள். "நைட்ரஜன் மட்டுந்தான் தெரியும். கறியா வந்தா என்ன, வேற எதுவா வந்தா என்ன, எண்ணிக் குடுத்துரும். அதனாலதான் மனுசன் பக்கத்துல நிக்க வேண்டியிருக்குது."

அந்தப் பேச்சையும் சேர்த்து முஸ்தபா அப்படியே ஐயாசாமியிடம் ஒப்பித்ததுதான் வினை. ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிய முதலாளி அதைப் படிக்கவில்லை.

"என்ன சொல்லுச்சு அந்தப் புள்ளை? நைட்ரஜன் மட்டுந்தான் தெரியுமா?"

"ஆமாங்க. கறி தெரியாதாம்."

ஐயாசாமி முகத்தில் சூரியன் உதித்தது. தீவனக்காரரல்லவா? கருவாட்டுத்தூளில் பிடி யூரியாவைக் கலந்து புரதக் கணக்கை ஏற்றும் கைங்கரியம் அந்த வியாபாரத்தில் அவர் பார்க்காததல்ல. பார்த்ததை மட்டும் சொல்கிறோம். "சரிங்க பாய், வியாழக்கிழமை பாத்துக்கலாம். சயின்ஸு முடிவு பண்ணட்டும்" என்று கோட்டைத் தடவிக்கொண்டார்.

வியாழக்கிழமை ஆல்வினும், மாதிரி எடுக்க அவர் கூட்டிவந்த பொற்கொடியும் வந்து சேர்வதற்கு முன்பே ஈடு கலந்தாகிவிட்டது. கலக்கும்போது ஆட்களை வெளியே அனுப்பிவிட்டு முதலாளியே வட்டிலின் பக்கத்தில் நின்றார். பத்து சதவீதத்துக்கு மேல் ஐந்து ஏற்ற இரண்டு கிலோ யூரியா போதும். ஆனால் ஐயாசாமி எதிலும் தாராளி. ஐந்து கிலோ போட்டார். கூடவே, புரதமாயிற்றே என்று சோயா மாவையும் இரட்டிப்பாக்கினார். பக்கத்து மில்லில் வறுக்காமல் பச்சையாக அரைத்த மாவு அது, விலை பாதி. உறையில் அடைத்து, கம்பிகளில் தோரணமாகத் தொங்கவிட்டு, வேகவைக்கும் அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். அறை வெதுவெதுப்பாகிய நேரம் பார்த்துக் கரண்டு போனது.

இரண்டு மணி நேரம். அந்த நேரத்தை வீணாக்காமல் ஐயாசாமி விருந்தாளிகளுக்குப் பலகையைப் படித்துக் காட்டினார். முஸ்தபா சுவரோரமாக, ரிப்போர்ட்டைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு நின்றார். கரண்டு வந்து, ஆவி ஏறி, முக்கால் மணி கழிந்ததும் முதலாளி பதினாலு பேரையும் கூப்பிட்டார்.

"எல்லாரும் வாங்க. இன்னைக்கு இந்த ஈட்டுல கறியை விடக் கறி இருக்குது!" என்று கைப்பிடியைத் தானே இழுத்தார்.

கதவு திறந்தது. வெள்ளையாக ஒரு ஆவி எழுந்து வந்தது. அதற்குப் பின்னால் வந்ததற்கு நிறமில்லை. கழுவாத நூறு மாட்டுத்தொழுவங்கள் ஒன்றாய்ச் சேர்ந்து மூக்கில் குத்தியதுபோல் இருந்தது. ஆல்வின் வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினார். காளியாத்தாள் "ஆத்தாடி, கண்ணு போச்சே!" என்று முந்தானையில் முகத்தைப் புதைத்தாள். கதவருகே நின்ற ஐயாசாமி, நின்ற வாக்கில் தாரைதாரையாக அழுதார்.

பொற்கொடி மட்டும் கைக்குட்டையை மூக்கில் அழுத்திக்கொண்டு, ஒரு சிவப்பு லிட்மஸ் தாளை நனைத்து ஆவியில் நீட்டினாள். தாள் நீலமானது.

"யூரியாங்க" என்றாள், ஆல்வினுக்குக் கேட்கும்படி. "பச்சைச் சோயாவுல ஒரு நொதி இருக்குது. யூரியாவைக் கண்டா உட்டுவைக்காது, அம்மோனியாவா ஒடைச்சுப்போடும். தீவனத்துல யூரியா கலந்திருக்கான்னு பாக்க நாங்க இந்த மாவைத்தானுங்க போடறோம். இவங்க ரெண்டையும் சேத்துப் போட்டு, வெதுவெதுன்னு ரெண்டு மணி நேரம் மூடியும் வெச்சிருக்காங்க. எங்க லேபுலகூட இவ்வளவு நல்லா வந்ததில்லை."

முஸ்தபாவுக்கு உடம்பு சிலிர்த்தது. கறியின் இடத்தைப் பிடிக்க வந்த மாவு, தன்னோடு வந்த இன்னொரு திருட்டைக் காட்டிக்கொடுத்துவிட்டது. யாரும் அடிக்கவில்லை, யாரும் கேட்கவில்லை. இறைவன் எதற்குள் எதை வைத்திருக்கிறான் என்று அவருக்கு மலைப்பாக இருந்தது. சுபுஹானல்லாஹ் என்று முணுமுணுத்தார். அதற்குள் தும்மல் வந்துவிட்டது.

ஆல்வின் வாசலிலிருந்தே, இந்த ஆலைச் சரக்கு இனி ஊட்டி மலை ஏறாது என்று அறிவித்தார். உணவுத்துறைக்கும் எழுதப்போவதாகச் சொன்னார். ஐயாசாமி கோட்டு நுனியால் கண்ணைத் துடைத்தபடி முஸ்தபாவின் பக்கம் ஒதுங்கினார்.

"பாய், உங்க மேல தப்பில்லைன்னு சயின்ஸே சொல்லிருச்சு. நமக்குள்ள எதுக்குங்க? ஆபீசுக்குள்ள வாங்க, ஒரு காப்பி சாப்புட்டுட்டுப் பேசிக்கலாம்."

"காப்பி வேண்டாங்க முதலாளி." முஸ்தபா சட்டைக்குள்ளிருந்து ரிப்போர்ட்டை எடுத்தார். "பதினாலு பேரு முன்னால சொன்னீங்க. பதினாலு பேரும் இங்கயே நிக்கறாங்க. பலகைக்குக் கீழ வாங்க."

"இந்த நாத்தத்துலயா?"

"இந்த நாத்தத்துலதானுங்க."

ஐயாசாமி சுற்றிலும் பார்த்தார். காளியாத்தாள் முந்தானையை இறக்கிவிட்டுக் காத்திருந்தாள். வாசலில் நின்ற ஆல்வினும் திரும்பிப் பார்த்தார். வேறு வழியில்லாமல் முதலாளி பலகைக்குக் கீழே போய் நின்று, முஸ்தபா நீட்டிய தாளை வாங்கி வாசித்தார்: கோழிக்கறி, புரதம் இருபத்திரண்டு, சேர்த்த தண்ணீர் இல்லை. "பாய் தண்ணி ஏத்தலைங்க. நாந்தான் ஊத்தினேன்" என்றார்.

சொல்லும்போது அவர் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. கேட்ட பதினாலு பேர் கண்ணிலும் கொட்டியது. முஸ்தபாவும் அழுதுகொண்டுதான் நின்றார். அதில் மனம் திருந்தி வந்த கண்ணீர் எவ்வளவு, அம்மோனியா எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல, நல்லவேளையாக, யாரும் மாதிரி எடுக்கவில்லை.